ஒட்டாத அடுக்குகள்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது நசுருதீன் பாயின் செயற்கைக்கால் உடைந்தது. கைப்பிடிக் கம்பி எட்டாமல் அவர் மூன்றாம் படியிலிருந்து தரைக்கு வந்தார். கூட இருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் அவர் மனைவி வகிதா ஒரு துணிப்பையோடு செயற்கைக்கால் மையத்துக்கு வந்து, கஸ்தூரியின் மேசையில் பையைத் தலைகீழாகக் கொட்டினாள்.

வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்த சாக்கெட் இரண்டு துண்டாக விழுந்தது. முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த காலை உள்ளே நுழைத்துக்கொள்ளும் கிண்ணம் அது. மேல் துண்டின் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

“இத நீதானே செஞ்சே?”

“ஆமாங்க்கா.”

“உள்ள இருந்த கால கிழிச்சிட்ச்சி. சக்கர கீற மனுசன். புண்ணு வந்தா ஆறாதுன்னு உனக்குத் தெரியாதா?”

கஸ்தூரிக்குத் தெரியும். முதலில் காலை வாங்கியதே அந்தச் சர்க்கரைதான். வகிதா பதிலுக்கு நிற்கவில்லை. காலிப் பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

உத்திரமேரூரில் காஞ்சிபுரம் ரோட்டோரம் இருந்த அந்தச் சின்ன மையத்தில் கஸ்தூரி நான்கு வருடமாகக் கால் செய்துகொண்டிருந்தாள். மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அதன்மேல் துணியும் பிசினும் ஏற்றிச் செய்கிற பழைய முறை. இரண்டாயிரத்து ஒன்பதில் சென்னையிலிருந்து ஒரு பொறியியல் ஆசிரியர் தானே கட்டிய மெஷின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, கோலமாவு இழுக்கிற மாதிரி இழுத்து, அடுக்கின்மேல் அடுக்காக வைத்துப் பொருளை எழுப்பும். இதில் வந்த சாக்கெட் எடை குறைவு, அளவு கச்சிதம். குழந்தைகளுக்குக் குட்டைக் குட்டையாக மூன்று செய்து கொடுத்தாள். இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. பாயுடையதுதான் முதல் உயரமான சாக்கெட்.

மையத்தின் பொறுப்பாளர் சிவக்குமார் துண்டுகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பாய் கொஞ்சம் வெயிட்டான ஆளு. படியில கால் மடங்கியிருக்கும்.”

“படியில எல்லாரும்தான் சார் எறங்கறாங்க.”

“மெஷின மூடி வை. இனிமே அது வேணாம்.”

மூடுவதற்கு முன்னால் அவள் உடைப்பைப் பார்த்தாள். பிளாஸ்டிக் இழுபட்டுக் கிழிந்தால் ஓரம் வெளுத்துப் பிசிறு விட்டிருக்கும். இது சுற்றிலும் ஒரே மட்டத்தில், வழவழவென்று, தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உரித்த மாதிரி பிரிந்திருந்தது. அந்த அடுக்கு கீழ் அடுக்கின்மேல் படுத்துக்கொண்டிருந்ததே தவிர, அதோடு உருகிச் சேரவே இல்லை. கீழ்த் துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். உடைப்புக்குச் சற்றுக் கீழே இன்னும் இரண்டு மயிரிழை விரிசல்கள் அதே போலப் படுக்கைவாட்டில் ஓடின.

டேபிள் ஃபேன் ஞாபகம் வந்தது.

சாக்கெட்டின் மேல்விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து வளையும். முதல் தடவை அந்த இடத்தில் சூட்டோடு பிளாஸ்டிக் தொங்கிப்போய்விட்டது. மறுதடவை ஒரு டேபிள் ஃபேனை மெஷினுக்கு நேராக வைத்து ஓடவிட்டாள். விளிம்பு கத்தியால் செதுக்கியதுபோல வந்தது. சிவக்குமார்கூடத் தடவிப் பார்த்துவிட்டு, “கடையில வாங்கினா மாதிரியே கீது” என்றார். முடிந்த கையோடு அறையின் வெக்கை தாங்காமல் ஜன்னலையும் திறந்துவிட்டாள். அப்போது மெஷினிலிருந்து ‘டிக்’கென்று ஒரு சத்தம் வந்தது. மெஷினின் சூடான அடித்தட்டு ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே அடுக்கு விட்ட சத்தம் அது.

மெஷினை அவள் மூடவில்லை. சிவக்குமார் கேட்டபோது, “எதனால ஒடைஞ்சுதுன்னு தெரியாம மூட முடியாது சார்” என்றாள். அவர், “யாருக்கும் மாட்டாத வரைக்கும் சரி” என்று போய்விட்டார்.

சாக்கெட் உயரத்துக்கே ஒல்லியான பட்டைகளாக இழுத்துப் பார்த்தாள். ஃபேன் காற்றில் வந்த பட்டை கையால் வளைத்ததும் பிஸ்கட் மாதிரி அடுக்கோடு முறிந்தது. ஃபேனை நிறுத்தினால் அடிப்பாகம் உறுதியாக நின்றது, மேலே போகப்போக விட்டது. அடியில் சூடான தட்டு இருக்கிறது. உயரத்துக்கு அந்தச் சூடு எட்டவில்லை. கீழே போட்டது ஆறிச் சுருங்க, மேலே விழுகிற புது அடுக்கு ஆறிப்போனதன்மேல் ஒட்டாமல் இழுபட்டது. பிளாஸ்டிக் உருகி வழிகிற மூக்கான நாசிலின் சூட்டை இருநூற்று இருபது டிகிரியிலிருந்து இருநூற்று நாற்பதாக ஏற்றினாள். பிடிப்பு கூடியது, ஆனால் நெட்டைப் பட்டையின் மேல்பக்கம் இன்னும் நம்புகிற மாதிரி இல்லை.

தச்சரிடம் சொல்லி மெஷினைச் சுற்றி மரப்பெட்டி அடித்தாள். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி குண்டு பல்புகள். பெட்டிக்குள் காற்றே அறுபது டிகிரிக்குக் கொதித்தது. அந்தச் சூட்டிலேயே முழுப் பட்டையையும் எழுப்பி, முடிந்த பிறகும் கதவைத் திறக்காமல், பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்து, மெல்ல ஆறவிட்டாள். டிக் சத்தம் வரவில்லை. வளைத்தாள். முறியவில்லை. வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியால் அடித்தபோது வெளுத்து, பிசிறு பிசிறாக, அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு உடைந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை.

பாயின் பழைய அளவிலேயே ஒரு சாக்கெட் செய்தாள். விளிம்பு கொஞ்சம் தொங்கியது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சரிசெய்தாள். மணல் மூட்டைகளை ஏற்றிவைத்தாள். நாள்கணக்கில் அப்படியே நின்றது. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே, சிவக்குமார் வந்து வாசலிலேயே நின்றார்.

“பாய்க்குச் சீழ் மேல ஏறிட்ச்சாம். முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க.”

கஸ்தூரி மேசையிலிருந்த சாக்கெட்டைப் பார்த்தாள். முழங்கால் இருக்கிறவருக்கான சாக்கெட் அது. இனி அது யாருக்கும் ஆகாது.

புண் ஆறி நசுருதீன் பாய் அளவு கொடுக்க வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. பாதி இளைத்திருந்தார். பாத்திரக்கடையைத் தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வகிதா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சுவரோடு நின்றாள்.

“எதனாலம்மா ஒடைஞ்சுது?” என்றார் பாய். கோபமாகக் கேட்கவில்லை.

கஸ்தூரி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஃபேன், ஜன்னல், சூடு குறைச்சல், உள்ளே ஒட்டாத அடுக்கு, எல்லாம். “வெளிய பாக்க நல்லா இருந்துச்சி பாய். உள்ள பிடிக்கல.”

“இப்போ பிடிக்குதா?”

“பிடிக்குது.”

வகிதா சுவரிலிருந்து பேசினாள். “அத மொதல்லயே பண்ணியிருக்க முடியாதா?”

“முடியும்க்கா. காத்துல ஆறவெச்சா நல்லதுன்னு நெனச்சிட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி மணல் மூட்டை வெச்சும் பாக்கல. பாத்திருக்கணும்.”

வெளியே திருப்புலிவனம் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“எனக்கு அந்த மெஷின்லயா செய்யப்போறே?” என்றார் பாய்.

“இல்ல பாய். பழைய மாதிரி துணியும் பிசினும்தான். மூட்டைய தாங்குது, வருசக்கணக்கா நடந்தா தாங்குமான்னு எனக்குத் தெரியாது. மெஷின்ல வர்றது இனிமே இங்க உக்காந்து அளவு சரியாக் கீதான்னு பாக்க மட்டும். அத மாட்டிக்கினு யாரும் வூட்டுக்குப் போவ மாட்டாங்க.”

அவர் தலையாட்டினார். சம்மதமா அலுப்பா என்று தெரியவில்லை. கஸ்தூரி மாவுத்துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். தொடையில் மிச்சமிருந்தது ஒரு சாண்தான். தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. ஈரத்துணி பட்டதும் பாய் பல்லைக் கடித்தார்.

“அசையாம பிடிச்சிக்கணும்க்கா” என்றாள் கஸ்தூரி.

வகிதா நகரவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, புருஷனின் காலைப் பிடித்தாள். கஸ்தூரியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. மாவு இறுகும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.