பத்தொன்பது கண்ணிகள்

சால்மேயின் கணவன் வில்லெம் அக்டோபரில் தொலைபேசியில் அழைத்தான்.

"ஹெல்வே, விரல் இல்லாத கையுறை ஒரு ஜோடி வேணும். வலை இழுக்க விரல் வெளிய இருக்கணும். அவ என் கையை வரைஞ்சு வெச்ச காகிதம் அந்தக் கூடையிலதான் கிடக்கும்."

கூடை ஹெல்வேயிடம்தான் இருந்தது. மார்ச்சில் கடல்பனி உடைந்து சால்மே மூழ்கி இறந்தபிறகு, தன் தோழியின் நூலையும் ஊசிகளையும் ஹெல்வேதான் எடுத்துக்கொண்டாள். வசந்தத்திலேயே பெருநிலக் கரைக்குப் படகு வேலைக்குப் போன வில்லெம் இன்னும் தீவுக்குத் திரும்பியிருக்கவில்லை.

இடது கை சிக்கலில்லாமல் முடிந்தது. வலது கையில் மணிக்கட்டு முடிந்ததும் கட்டைவிரலுக்கான முக்கோணத்தை ஆரம்பித்தாள். ஒரே ஒரு கண்ணியின் இருபுறமும் அடையாள வளையம். இரண்டு சுற்று வெறுமனே; மூன்றாவது சுற்றில் வளையங்களுக்குள் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி கூட்டல், ஒன்று வலமாகச் சாய, மற்றது இடமாகச் சாய. மூன்று, ஐந்து, ஏழு என ஏறிப் பதினைந்தானதும், அந்தப் பதினைந்தையும் ஒரு நீலப் பருத்தி நூலில் கோத்து முடிச்சிட்டாள். கை முடியும் வரை அவை அப்படியே காத்திருக்க வேண்டும். தபால் படகு ஊதியது. பின்னலை மேசையில் வைத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனாள்.

திரும்பி வந்து எண்ணினால் நீல நூலில் பத்தொன்பது கண்ணிகள். கையுறையும் ஆறு சுற்று நீண்டிருந்தது. நூலுருண்டை இளைத்திருந்தது.

பக்கத்து வீட்டு லைனேயின் விளையாட்டு என்று நினைத்தாள். இந்தத் தீவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. எரிச்சலோடு ஆறு சுற்றையும் பிரித்து, பதினைந்தையும் மறுபடி நீல நூலில் ஏற்றினாள். மறுநாள் பகலில் உருளைக்கிழங்கு தோண்டப் போனாள். ஒரு மணி நேரம்தான். வந்து பார்த்தால் மறுபடியும் பத்தொன்பது.

பின்னலைத் தூக்கிக்கொண்டு லைனே வீட்டுக்குப் போனாள்.

"இது என்னடி வேலை? செத்தவ புருஷனுக்குப் பின்றதுல விளையாடுவியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? என் மாட்டைக் கறக்கவே ஆள் இல்லாம திண்டாடறேன்." லைனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். முக்கோணத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "ஹெல்வே, இந்தக் கடைசி ரெண்டு கூட்டலையும் பாரு. இந்தப் பக்கமும் வலமா சாஞ்சிருக்கு, அந்தப் பக்கமும் வலமா சாஞ்சிருக்கு. இப்படிப் பின்ற ஒரே ஆள் யாரு?"

சால்மே மட்டும்தான். இருபது வருஷமாக ஹெல்வே அவளோடு அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள். "கம்பளிக்கு என்ன கண்ணா இருக்கு, வலதா இடதான்னு பார்க்க?" என்று சால்மே சிரிப்பாள்.

"பிரிக்காதே" என்றாள் லைனே. "இதோட விட்டுரு. என் வீட்லயும் வைக்காதே."

அன்று மாலையே, வெளிச்சம் போவதற்குள், ஹெல்வே அதை முடித்தாள். இடைவெளியின் மேல் ஒரு கண்ணி போட்டு வட்டத்தை இணைத்து உள்ளங்கையைப் பின்னினாள். பிறகு நீல நூலிலிருந்து பத்தொன்பதையும் ஊசிகளுக்கு மாற்றி, ஓட்டை விழாமலிருக்க ஓரத்தில் மூன்று கண்ணி எடுத்து, கட்டைவிரலின் பாதி வரை பின்னி, தளர்வாக முடித்தாள். ஊசியைத் தொட்டபோதெல்லாம் அது யாரோ இப்போதுதான் கீழே வைத்ததுபோலச் சூடாக இருந்தது.

சனிக்கிழமை படகில் வில்லெம் வந்தான். கையுறைகளை எடுத்துக்கொண்டு ஹெல்வே அவன் வீட்டுக்குப் போனாள். இடது கை சரியாகப் பொருந்தியது. வலது கையுறையை எடுத்தபோதுதான் அவன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலின் அடிமூட்டு வாதுமைக்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்தது.

"இது எப்போ?"

"ஜூலையில. கயிறு இழுக்கிற உருளைல மாட்டி நசுங்கிருச்சு. இருக்கிற கையுறை எதுவும் நுழையல." அவன் வலது கையுறையை இழுத்துப் போட்டான். புடைப்பைத் தாண்டி அது வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. விரலை மடக்கினான், நீட்டினான். "காகிதத்துல இது இல்லையே. உனக்கு யாரு சொன்னாங்க?"

ஹெல்வேயால் பொய் சொல்ல முடியவில்லை. அவன் கையைப் பிடித்து முக்கோணத்தின் மேல் ஓரத்தைச் சுட்டினாள். வில்லெம் சன்னல் பக்கமாகத் திரும்பினான். ஒரே பக்கம் சாய்ந்த அந்தக் கண்ணிகளை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தான்.

"மார்ச்சுல போனவளுக்கு ஜூலை எப்படித் தெரியும்?" என்றான்.

"தெரியல, வில்லெம்."

"இங்கேதான் இருக்காளா?"

அவன் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தான். கையுறையைக் கழற்றவில்லை. அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்தான். மேசையில் மூன்றை வைத்தான். மூன்றாவதைத் திருப்பி எடுக்கவில்லை.