ஷார்ஜா பிள்ளைகளின் தமிழ் மிஸ்

தாளாளர் அறைக்குள் நான் நுழைந்ததும், என் ஆன்லைன் மாணவி ஷம்ஸியாவின் அம்மா ஃபஹ்மிதா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க மாரி மிஸ்ஸு! ஒரு வருசமா போன்லயே பாத்தாச்சு. இவங்க இருக்கிற ஸ்கூல்லதான் ஷம்ஸியாவ சேக்கணும்னு ஷார்ஜால இருந்து வரும்போதே முடிவு பண்ணிட்டேன் சார்."

தாளாளர் தேவசிகாமணி சிரித்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

ஆழ்வார்குறிச்சியில் எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தச்சநல்லூரில் இந்தத் தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. சம்பளம் அறை வாடகைக்கும் வீட்டுக்கும் போய்விடும். வேலையை விடாமல் சாயங்காலம் ஆன்லைனில் தமிழ் வகுப்பு எடுக்கலாம் என்று நான் சொன்னபோது கணக்கு டீச்சர் பெர்சிஸ் சிரித்தாள்.

"கணக்குக்கே ஆயிரம் ஆப் நிக்குது. உன் தமிழுக்கு எவ வருவா, ஏட்டி?"

வந்தார்கள். வளைகுடாவில் படிக்கும் மேலப்பாளையத்துப் பிள்ளைகள். அங்கே இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சோ இந்தியோ எடுத்துவிட்டு, ஊர் திரும்பும்போது பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுத வேண்டும் என்றதும் முழிப்பார்கள். வீட்டில் வாய் கிழியத் தமிழ் பேசும். ஒரு வரி வாசிக்க வராது. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். இங்கே ஏழு மணி, அங்கே ஐந்தரை. ஒரு வகுப்புக்கு நாலு பேர். கையால் எழுதியதைப் படமெடுத்து அனுப்புவார்கள்; நான் சிவப்பில் திருத்தி அனுப்புவேன்.

நியமன ஆணையில் 'இப்பள்ளி மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி அளிக்கக் கூடாது' என்றுதான் இருந்தது. ஷார்ஜா பிள்ளைகள் இந்தப் பள்ளி மாணவர்களா? இல்லை. ஆனால் மேலப்பாளையத்துத் தாய்மார் பிள்ளையை ஒப்படைக்கும் முன் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்கூல் மிஸ்?" என்பதுதான். நானும் பெருமையாகப் பள்ளிப் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை நம்பி இங்கேயே வந்து நிற்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

ஃபஹ்மிதா பணம் கட்டப் போனதும் தேவசிகாமணி கதவைச் சாத்தினார்.

"நல்லாத்தான் கடை விரிச்சிருக்கிய, டீச்சர்."

"ஷம்ஸியா இனிமே நம்ம ஸ்கூல் பிள்ள, அதனால அவள இன்னைலேருந்து நிறுத்திட்டேன், சார். மத்ததெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைய."

"ஆசிரியரு தனியா டியூஷன் எடுக்கக்கூடாதுன்னு கல்விச் சட்டத்துலயே இருக்கு. தெரியுமா?"

அவர் குரலைத் தணித்தார்.

"பயப்படாதிய. இனிமே ஸ்கூல் பேர்ல நடத்துவோம். பீஸ் ஆபீஸ்ல கட்டட்டும். நீங்க வழக்கம்போல எடுங்க. உங்க சம்பளத்துலயே அடங்கிரும்லா?"

"ஸ்கூல் பேர்ல காசு வாங்கினா மட்டும் சட்டம் கண்ண மூடிக்கிடுமா, சார்?"

சிரிப்பு நின்றது. "யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

யோசிக்க அவர் நேரமே தரவில்லை. பஸ்ஸில் போகும்போதே பெர்சிஸ் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். பள்ளியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். 'வளைகுடா மாணவர்களுக்கு ஆன்லைன் தமிழ்.' நடுவில் என் புகைப்படம்! ஆண்டு விழாவில் எடுத்தது. கீழே அலுவலக எண். என் பதில் வருவதற்கு முன்பே விளம்பரம் போட்டுவிட்டார். நான் சரி சொல்வேனா என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.

என் வகுப்புத் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் குவிந்தன. 'மிஸ், இனிமே ஸ்கூல்ல கட்டணுமா?' 'பீஸ் கூடிட்டா?' சாலையோரம் நின்று தட்டினேன்: 'அந்த விளம்பரத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என் வகுப்பு வழக்கம்போல ஏழு மணிக்கு.' அனுப்பிவிட்டேன். ஃபஹ்மிதாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவள் அதை அப்படியே தாளாளருக்கு அனுப்பி, "எது சார் உண்மை?" என்று கேட்டிருக்கிறாள். வெள்ளந்தி.

அறைக்கு நடந்து வருவதற்குள் தேவசிகாமணி போனில் கூப்பிட்டார்.

"என் ஸ்கூல் பேரச் சொல்லிப் பிள்ள புடிச்சிட்டு, என்னையே பொய்யனாக்குதியளோ? நாளைக்கு வரண்டாம்."

வைத்துவிட்டார். ஒரு வாக்கியத்தில் வேலை போய்விட்டது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? வேலையை விடாமல் இருக்கத்தானே இத்தனை பாடும்.

ஏழு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். நாலு முகங்கள் வந்தன. அலி அஸ்கர் பாடத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். அப்போது ஃபஹ்மிதா போனில் கூப்பிட்டாள்.

"அல்லா! சார் இப்பந்தான் சொன்னாரு. நான் கேக்கப்போயி இப்படி ஆயிட்டே, மிஸ். மன்னிச்சிருங்க." விசும்பினாள். பிறகு பையக் கேட்டாள். "இப்பம் நீங்க அந்த ஸ்கூல் மிஸ் இல்லல்லா? அப்பம் ஷம்ஸியா உங்ககிட்ட படிக்கலாம்லா?"

ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறியத் தோன்றியது. ஆனால் அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

"வரச் சொல்லுங்க," என்றேன்.