பதினோராவது வரி

ஒஸ்ரேலியாவின் டண்டினோங்கில் உள்ள அந்தப் பிரெஞ்சுக் கம்பனி தயிர்க் கோப்பைகளுக்கு மூடி செய்கிறது. மன்னாரிலிருந்து வந்த அஞ்சலீனாவுக்கு அங்கே தரப் பரிசோதனை வேலை. ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று கிழமை. நோபல் பார்க்கில் அவள் தங்கியிருக்கும் அறையில் பேச ஆளில்லை. வேலையிடத்தில் இயந்திரச் சத்தம், எல்லார் காதிலும் அடைப்பான். அதனால் மேலாளர் பெர்னாருக்கு எழுதும் மின்னஞ்சலில்தான் அவள் கொஞ்சம் மனம்விட்டுக் கதைப்பாள், பாவம்.

திங்கட்கிழமை நாற்பது மூடிகளைச் சோதித்தாள். மூன்று கசிந்தன. வெள்ளிக்கிழமை அந்தத் தொகுதி லொறியேற வேண்டும். அவள் எழுதினாள்: மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் இருமல் சுகமா, தொந்தரவுக்கு மன்னிக்கவும், நான் புதியவள், என் கணிப்புப் பிழையாகவும் இருக்கலாம்... இப்படியே போய், கசிவு பதினோராவது வரியில் ஒளிந்துகொண்டது.

புதன்வரை பதிலில்லை.

பக்கத்து மேசைப் பாலா எட்டிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, திருவிழா நோட்டீசே?"

"பெரியாக்களுக்கு வேற எப்பிடி அண்ணா எழுதுறது?"

"இது ஒஸ்ரேலியா. இங்க எல்லாரும் ஒண்டுதான். ஹாய் எண்டு போட்டு நேரா பாரிசுக்கு அனுப்பும்."

அனுப்பினாள், பாரிஸ் தலைமையக இயக்குநருக்கு, இரண்டே வரி. வியாழன் காலை பதில் வந்தது: "இதைப் பெர்னாருடன் பேசவும்." பிரதி பெர்னாருக்கு.

பின்னேரம் பெர்னார் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். முகம் இறுகியிருந்தது.

"என்னைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்."

"திங்கட்கிழமையே உங்களுக்கு எழுதினனான்."

அவர் அந்த மின்னஞ்சலைத் திறந்து, கீழே, கீழே என்று இறங்கினார். விரல் நின்றது. "இதை ஏன் இங்கே வைத்தீர்கள்?"

"நேரா சொன்னா மரியாதையில்லை எண்டு..."

"தொகுதியை அனுப்பக் கூடாது என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். காரணம் காட்டி என்னோடு மோதுங்கள், எனக்குக் கோபமில்லை. ஆனால் முதலில் என்னிடம். பாரிசுக்குக் கொண்டுபோவது என் வேலை." இருமினார். "திருப்பி எழுதுங்கள். இப்போதே."

மேசைக்கு வந்து எழுதினாள். ஹாய் இல்லை, ஐயாவும் இல்லை.

"பொன்ஜூர் பெர்னார். இந்தத் தொகுதியை அனுப்பக் கூடாது. நாற்பதில் மூன்று கசிகின்றன. சோதனைத் தாள் இணைப்பில். முழுவதையும் மறுபடி சோதிக்க அனுமதி தாருங்கள்."

அதன் கீழே, உங்கள் இருமலுக்கு இஞ்சி அவித்து, என்று விரல் தானாக ஓடியது. பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

பத்து நிமிடத்தில் பதில்: "லொறியை நிறுத்திவிட்டேன். நாளை காலை சோதியுங்கள்." அடுத்தது பாரிசுக்கு, அவளுக்குப் பிரதியோடு: "கசிவைக் கண்டுபிடித்தவர் அஞ்சலீனா. அவர் சொல்வது சரி."

அதை நாலு தரம் வாசித்தாள். ஆருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. பாலா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.

கண்ணாடிக்கு அப்பால் பெர்னார் தொலைபேசியில் பாரிசோடு கதைத்துக்கொண்டே இருமினார். கதவைத் தட்ட அஞ்சலீனா கையைத் தூக்கினாள். அவர் நிமிரவில்லை. பையை எடுத்துக்கொண்டு, இஞ்சிக் கதையை வாயிலேயே வைத்தபடி, பஸ்ஸுக்கு நடந்தாள்.