கம்பி மடங்கிய குடை

விழாக் கூட்டத்தின் நடுவே எடுத்த குடும்பப் படம் அது. அப்பா, அம்மா, இருபுறமும் மகளும் மருமகனும். நால்வரின் கண்களும் திறந்திருந்தன. குடும்பப் படத்தில் அதுவே பாதி வெற்றி. குறை ஒன்றுதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையே தெரிந்த கூட்டத்தில், தோளில் ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்தபடி யாரோ ஒருவர் நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

"இவர மட்டும் தூக்கிடுங்கக்கா," என்றாள் மகள். "கூடத்துல பெரிசா மாட்டப்போறோம். வர்றவங்க எல்லாம் பெட்டிக்குள்ள என்னன்னுதான் கேப்பாங்க."

ஸ்டுடியோவில் படம் எடுப்பவர் கணவர், திருத்துபவள் மனைவி. "வீட்ல நாலு பேர்தானா?" என்று அவள் பேச்சுக்குக் கேட்டாள்.

"அண்ணன் இருக்கான். அப்பாகூடச் சண்டை போட்டுட்டுப் போனவன். விழா அன்னைக்கு வர்றேன்னு எனக்குச் சத்தியம் பண்ணினான், வரல. கேட்டா, 'வந்தேன், தூரத்துல நின்னு பாத்தேன், கிட்ட வரக் கால் எழும்பல'ங்கிறான். காதுல பூ சுத்துறான். அதுக்கப்புறம் அவன் போன நான் எடுக்கிறதில்ல."

மகள் போன பிறகு கணவர் திரையை எட்டிப் பார்த்தார். "பக்கத்துல இருக்கிற கூட்டத்த எடுத்து மேல ஒட்டிவிடு. யாரு எண்ணிப் பாக்கப்போறாங்க?"

"ஒட்டினா ஒட்டினது தெரியும். அதே நேரத்துல எடுத்தது வேற இருக்கா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. அதுல பெரியவர் கண்ண மூடிட்டார்."

"அவர் கண்ணு எனக்கு எதுக்குங்க? பின்னாடி இருக்கிற இடம்தான் வேணும்."

இரண்டாம் படத்தில் பெட்டிக்காரர் நகர்ந்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தார். முதற்படத்தில் அவர் மறைத்திருந்த இடம் இதில் திறந்து கிடந்தது. கேமரா கையில் சற்று அசைந்திருந்ததால் அவள் முதலில் இரு படங்களையும் பின்னணிக் கம்பங்களைக் கொண்டு பொருத்தினாள். பிறகு அந்த இடைவெளியை மட்டும் வெட்டி, கண்ணாடித்தாள் போன்ற தனி லேயராக முதற்படத்தின் மேல் வைத்தாள். அம்மாவின் பறக்கும் முடியோரத்தில் தூரிகையை மெல்லியதாக்கி, இழை இழையாகச் சென்றாள். அவசரப்பட்டால் அங்கேதான் தேய்த்துவிட்டதுபோல் மங்கும். மங்கவில்லை.

ஆனால் திறந்த இடத்தில் ஒருவன் நின்றிருந்தான். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. தடுப்புக் கம்பியில் இரு கைகளும். பார்வை நேராக இந்தக் குடும்பத்தின் மேல். பெட்டிக்காரராவது தன் வழியில் போனார். இவனோ பார்ப்பவர் கண்ணைத் தன் பக்கம் இழுத்தான். தொழில் முறையில் இவன் அவரைவிடப் பெரிய இடையூறு.

அவனையும் எடுப்பதென்று அவள் முடிவுசெய்தாள். அதில் ஒரு சிக்கல். நடப்பவர் விட்டுச்சென்ற இடம் அடுத்த படத்தில் கிடைக்கும். நிற்பவனுக்குப் பின்னால் இருப்பது எந்தப் படத்திலும் கிடைக்காது. எனவே, தான் வேண்டாமென்று சொன்னதையே செய்தாள். சற்றுத் தள்ளி நின்ற குடைக்காரப் பெண்ணைப் பிரதியெடுத்து, இடம்வலம் திருப்பி, குடையின் நிறத்தை மாற்றி, புதிய லேயரில் அவன்மேல் நிறுத்தினாள். வழக்கம்போல் படத்தைத் தலைகீழாக்கியும் பார்த்தாள். உருவங்கள் மறந்து திட்டுகள் மட்டும் தெரிவதற்கான சோதனை அது. ஒட்டு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் மகள் வந்து திரையின் முன் உட்கார்ந்தாள். வெகுநேரம் பாராட்டினாள், பிறகு முகத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, இந்தக் குடையில ஒரு கம்பி மடங்கியிருக்கு."

"ஆமா."

"அந்தக் குடையிலயும் மடங்கியிருக்கே. கூடப்பிறந்த குடையா?"

கணவர் எதையோ தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்.

"என் தப்புதான்," என்றாள் திருத்துபவள். "பெட்டிக்காரர எடுத்ததும் பின்னாடி ஒருத்தர் நின்னாரு. உங்களையே பாத்துட்டிருந்தாரு, படத்துக்கு இடைஞ்சலா. அவர மறைக்கத்தான் அந்தக் குடை."

"எங்களையா? யாரு அது?"

அசல் அழியவில்லை; ஒட்டியது தனியாகத்தான் இருந்தது. ஒரு சொடுக்கில் குடை மறைந்தது. பச்சைக் கட்டச் சட்டைக்காரன் கம்பியைப் பிடித்தபடி மீண்டும் நின்றான்.

மகள் திரையருகே குனிந்தாள். "இவன எடுக்க வேணாம்," என்றாள்.

"தெரிஞ்சவரா?"

"அண்ணன்."

திருத்துபவள் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அப்பா பாத்தா?"

"பாக்கட்டும். அவர் நாற்காலிக்கு எதிர்லதான் மாட்டப்போறேன்."

"சரி. சட்டை விளிம்புல பெட்டியோட நிழல் லேசா இருக்கு. அத மட்டும் சரி பண்ணிடுறேன்."

மகள் தலையசைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசல்பக்கம் போனாள். மறுமுனை எடுக்க அதிக நேரம் ஆகவில்லை.

"நான்தான்," என்றாள். "அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை உனக்கு நல்லாவே இல்லண்ணா."