துக்க விடுப்பு வரைவு

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையின் மனிதவள அலுவலர் பானுப்ரியா, துக்க விடுப்புக் கொள்கையின் வரைவைத் துறைத் தலைவர்களுக்கு அனுப்பி, மூன்றே கேள்விகள் கேட்டிருந்தாள். மூன்று நாள் போதுமா? வரைவில் இருக்கும் பெற்றோர், துணை, பிள்ளைகளோடு உடன்பிறந்தோரையும் சேர்க்கலாமா? இறப்புச் சான்றிதழை எத்தனை நாளுக்குள் கேட்கலாம்? வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வராவிட்டால் வரைவு அப்படியே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்ற கடைசி வரியையும் அவளேதான் சேர்த்தாள். இல்லாவிட்டால் இந்த ஆட்கள் அசைய மாட்டார்கள்.

வியாழக்கிழமை எரியோட்டில் அவள் அக்கா இறந்துபோனாள்.

அடுத்த புதன்கிழமை வேலைக்கு வந்தாள். அழுகை வரவில்லை. மெயிலைத் திறந்தாள், அதிலும் ஒன்றும் வரவில்லை.

ஸ்பின்னிங் மாஸ்டர் அசோக்குமார் எட்டிப் பார்த்தார். "மனசத் தேத்திக்கங்கம்மா."

"நான் கேட்டதுக்கு ஏன் சார் ஒருத்தருமே பதில் போடல?"

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம். எம்.டி. திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டாரு."

தலையாட்டினாள். தன் விடுப்பு விண்ணப்பத்தை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில், 'சொந்த வேலை' என்று எழுதினாள்.