பிஸ்கட் டப்பாவில் இருந்த பதினொன்று

அக்கா லேப்டாப் ரிப்பேர் செய்பவள். தங்கை சலவைக்கடை நடத்துபவள். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் அக்காவின் கணவர். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அறிவிப்பது அவருடைய வேலை. வீட்டில் உப்பு கேட்டால்கூட மூன்று தெருவுக்குக் கேட்கும்படிதான் கேட்பார்.

தங்கையின் மூன்று சக்கர மின்சார வண்டி ஒரு மாதமாகப் படுத்திருந்தது. பழைய பேட்டரி உயிரை விட்டுவிட்டது. துவைத்த துணி மூட்டைகளை அதிலேயே ஏற்றி, அவளே பெடலை மிதித்துத் தள்ளிக்கொண்டு போனாள். "நான் செஞ்சு தரேன்" என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அலுவலகங்கள் கழித்துப் போட்ட லேப்டாப் பேட்டரிகளை உடைத்தால், உள்ளே விரல் தடிமனில் ஆறு செல் இருக்கும். நாற்பது செல் சேர்ந்தால் வண்டி ஓடும்.

ஆனால் அக்காவின் வேகம் தனி வேகம். ஒவ்வொரு செல்லையும் முழுதாகச் சார்ஜ் செய்வாள். இரண்டு வாரம் சும்மா வைத்து, தானாக இறங்குகிறதா என்று பார்ப்பாள். பிறகு சோதனைப் பெட்டியில் மாட்டி, மெதுவாகக் காலி செய்து, மொத்தம் எவ்வளவு சார்ஜ் பிடிக்கிறது என்று அளப்பாள். உள்ளே கரண்ட்டுக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதையும் அளந்து, மார்க்கர் பேனாவால் செல்லின் மேல் எண்களை எழுதுவாள். தேறியது முட்டை அட்டைக்குப் போகும். தேறாதது பழைய பிஸ்கட் டப்பாவில் விழும்.

"மாப்பிள்ளை பார்க்கிறதுக்குக்கூட உங்க வீட்ல இவ்வளவு விசாரிக்கல" என்றார் கணவர்.

"அதான் தப்பாப் போச்சு" என்றாள் அக்கா, மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வாரம் ஒரு அலுவலகத்தில் முப்பது கணினிகளைச் சரிசெய்ய அக்கா இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. அவள் கிளம்பிய அரைமணி நேரத்தில், கணவர் மட்டும் இருந்த அக்காவின் கடைக்குத் தங்கை வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"மாமா, நாடகக் குழுவோட டிரெஸ் எல்லாம் நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும். மத்தியானம் குழந்தைங்களுக்கு நாடகம். ராஜா அங்கி ஒண்ணே எட்டுக் கிலோ. அந்தப் பாலத்துல என்னால மிதிச்சு ஏத்த முடியாது."

மாமாவுக்கு மனசு இளகிவிட்டது. கூடவே கையும் துறுதுறுத்தது. நிக்கல் பட்டையை செல்லில் ஒட்டவைக்கும் வெல்டிங் மெஷினை அக்கா அவருக்குப் பழக்கியிருந்தாள். முட்டை அட்டையை எண்ணினார். இருபத்தொன்பது. பதினொன்று குறைந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே நிறைய இருந்தன. சார்ஜ் ஏற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாமே 4.1 வோல்ட் காட்டின, அட்டையில் இருந்தவற்றைப் போலவே.

"இதுல என்னடி குறை? உங்க அக்காவுக்கு எதையும் லேசுல பிடிக்காது."

சாயங்காலத்துக்குள் பேட்டரி பேக் தயார். நாலு நாலாகச் சேர்த்துப் பத்துக் கட்டு, அந்தப் பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர். அட்டையில் இருந்ததை முதலில் அடுக்கினார். அதனால் டப்பாவில் இருந்தவை எல்லாம் கடைசி மூன்று கட்டுகளில் போய்ச் சேர்ந்தன. மேலே பாதுகாப்பு போர்டையும் மாட்டினார். எந்தக் கட்டாவது அளவுக்கு மீறி இறங்கினால் மொத்தத்தையும் நிறுத்திவிடும் போர்டு அது. கடைத்தெருவில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "சலவைக்கடை எக்ஸ்பிரஸ் புறப்படத் தயார்!" என்று மாமா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள் காலை தங்கை வழியிலிருந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் துணி கொடுத்துவிட்டு, நாடக மூட்டைகளுடன் பாலத்தில் ஏறினாள். லீவு போட்டிருந்த மாமா பின்னால் உட்கார்ந்து ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார். பாலத்தின் பாதி ஏற்றத்தில் 'டப்' என்று சத்தம். வண்டி நின்றது.

"ஹேண்டில்ல முப்பத்தேழு வோல்ட் காட்டுது. பாதி சார்ஜ் இருக்கு, ஏன் நிக்குது?" என்றார் மாமா, வண்டி வேண்டுமென்றே செய்கிறது போல.

இரண்டு நிமிடம் கழித்துத் தங்கை ஹேண்டிலை முறுக்கினாள். ஓடியது. இருபது அடி போனதும் 'டப்'. மறுபடி இரண்டு நிமிடம். மறுபடி இருபது அடி. பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. "வண்டி சிறிது நேரத்தில் புறப்படும்! ஒத்துழைப்புத் தாருங்கள்!" என்று மாமா பழக்கதோஷத்தில் அறிவித்தார். யாரும் ஒத்துழைக்கவில்லை, எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

தங்கை இரண்டு போன் செய்தாள். ஒன்று அக்காவுக்கு. இன்னொன்று நாடகக் குழுவுக்கு. முதலில் வந்தது நாடகக் குழுதான். அரங்கம் பாலத்தின் அந்தப் பக்கம். ஆளாளுக்குத் தன் உடையை எடுத்துக்கொண்டார்கள். மந்திரி தாடியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். புலியாக நடிப்பவருக்கு மட்டும் கைக்குள் அடங்காத உடை. "தூக்கறதைவிட மாட்டிக்கிறதே சுலபம்" என்று நடுப்பாலத்தில் புலியாகி, வாலைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பஸ் ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் கத்திய கத்தலில் ஹாரன்கள் நின்றன.

அக்கா வந்தபோது வண்டி ஓரமாக நின்றது. அவள் திட்டவில்லை. அதுதான் மாமாவுக்குப் பயமாக இருந்தது. பையிலிருந்து மீட்டரை எடுத்தாள். போர்டுக்குப் போகும் சின்ன வெள்ளை பிளக்கில் முனையை வைத்து ஒவ்வொரு கட்டாகப் பார்த்தாள். முதல் ஏழு கட்டும் 3.80. எட்டாவது 3.6. ஒன்பதும் பத்தும் 3.45.

"முறுக்குடி" என்றாள் தங்கையிடம், முனையைப் பத்தாவது கட்டிலேயே வைத்துக்கொண்டு.

தங்கை முறுக்கினாள். எண் சரசரவென்று இறங்கி 2.7-க்கு வந்தது. 'டப்'. கையை எடுத்ததும் எண் மெல்ல ஏறி 3.4-க்கு மேலே வந்து நின்றது. மூன்றாவது கட்டில் வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். அது 3.6-க்குத்தான் இறங்கியது.

"ஏங்க, டப்பாவுல இருந்து எத்தனை எடுத்தீங்க?"

"பதினொண்ணு" என்றார். முதல்முறையாக அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டது. "எல்லாம் 4.1 காட்டுச்சே!"

"நிரம்பின டம்ளரும் நிரம்பின குடமும் விளிம்பு வரைக்கும்தான் நிக்கும். வோல்ட்டைப் பார்த்தா விளிம்புதான் தெரியும். எவ்வளவு பிடிக்கும்னு எப்படித் தெரியும்? இந்தக் கட்டு மத்ததுல பாதியைத்தான் பிடிக்குது. எல்லாத்துல இருந்தும் ஒரே அளவுதான் போகுது. இது முதல்ல காலி. அதோட இதுக்குத் தடை மூணு மடங்கு. ஏத்தத்துல நிறைய இழுத்தா உள்ளேயே வோல்ட்டைத் தின்னுடும். தரையில ஓடும், ஏத்தத்துல படுக்கும்."

"மீதி ஏழு கட்டுல இருக்கிற சார்ஜ்?"

"அது உள்ளேயே இருக்கும், வெளியே வராது. ஒண்ணு காலியானா போர்டு எல்லாத்தையும் நிறுத்திடும். நிறுத்தினதுக்குச் சந்தோஷப்படுங்க. அது மட்டும் இல்லைன்னா மத்த கட்டெல்லாம் சேர்ந்து அந்தக் கட்டைப் போட்டுப் பிழிஞ்சிருக்கும்; சூடாகி நெருப்புக்கூடப் பிடிச்சிருக்கலாம், இவ உக்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழே."

தங்கை சட்டென்று வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். மாமா கையில் பிடித்திருந்த கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டார். அதை யாரும் வந்து வாங்கிப்போகவில்லை என்பதே அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. தங்கை அதைப் பிடுங்கிக்கொண்டு அரங்கத்துக்கு ஓடினாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அக்கா பேக்கைத் திறந்து ஒவ்வொரு செல்லாக விரலால் தொட்டுப் பார்த்தாள். எட்டாவது கட்டில் கை நின்றது.

"இதைத் தொடுங்க."

அவர் தொட்டார். அதில் மூன்று செல் டப்பாவில் இருந்தவை, ஒன்று மட்டும் அட்டையில் இருந்தது. அந்த நல்ல செல்தான் எல்லாவற்றையும்விடச் சூடாக இருந்தது.

"நல்லதுதானே இது? இது ஏன் கொதிக்குது?"

"தடை கம்மி. கரண்ட் சுலபமான வழியாத்தான் வரும். பக்கத்துல மூணும் கையைக் கட்டிட்டு நின்னுச்சு. பாதி வேலையை இது ஒண்ணே பார்த்துடுச்சு."

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். பிரித்துப் போட்ட லேப்டாப்கள், கழுவாத டீ கிளாஸ்கள், முந்தாநாள் அவர் மடிப்பதாகச் சொன்ன துணிக் குவியல். கிளாஸ்களை எடுத்துக் கழுவினார்.

திரும்பி வந்து, "அது சரி, செல் மேல எழுதியிருந்தியே, 1120, 1090ன்னு. நான் அதை நேரம்னு நினைச்சேன். பதினொண்ணு இருபதுக்குச் சோதிச்சதாக்கும்னு" என்றார்.

"1090ல என்ன நேரம்?"

"அதுல கொஞ்சம் குழம்பினேன்."

"அப்ப நல்ல செல்லுல 1980, 1950?"

"செஞ்ச வருஷம். இவ்வளவு பழசா இருந்தும் உழைக்குதேன்னு ஆச்சரியப்பட்டேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பயந்துபோய் எட்டிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வேலை அவருக்குத்தான். பட்டைகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிய்த்தார். டப்பா செல்கள் பதினொன்றும் கழிவு சேகரிக்கும் இடத்துக்குப் போயின. சூடான நல்ல செல்லை அக்கா மறுபடி சோதித்தாள். கொஞ்சம் களைத்திருந்தது, ஆனாலும் தேறியது. சோதனைப் பெட்டியில் அந்த வாரம் இன்னும் ஒன்று தேறியது. மொத்தம் முப்பது.

"நாற்பது வேணுமே!" என்றாள் தங்கை.

"மூணு மூணா பத்துக் கட்டு. போதும்."

"நாற்பதே பாலத்துல நின்னுச்சு. முப்பது எப்படிக்கா?"

"நாற்பதுல உனக்குக் கிடைச்சது மோசமான கட்டோட அளவுதான். இதுல எல்லாக் கட்டும் அதைவிடப் பெருசு. ஆனா ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் அதிகமா இழுக்கணும், அதனால மோட்டாருக்குப் போற கரண்ட்டைக் குறைச்சு வைக்கிறேன். ஏத்தத்துல அன்ன நடைதான் போகும்."

மாமா மேசையில் முப்பதையும் பரப்பினார். தடை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொள்ளளவைத்தான் சமமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டிலும் மூன்றைக் கூட்டினால் 5850-க்குப் பக்கத்தில் வர வேண்டும். இதை எடுத்து அதை வைத்தார். அதை வைத்தால் இது இடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் எந்தக் கட்டுக்கும் எந்தக் கட்டுக்கும் இருபதுக்கு மேல் வித்தியாசம் இல்லை. சேர்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவரே ஞாபகப்படுத்தினார். அக்கா கேட்காதது போல இருந்தாலும், வெல்டிங் மெஷினை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை தங்கை முழு மூட்டையுடன் கிளம்பினாள். மாமாவை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் கடை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். அக்கா ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதே நாலு பட்டனைத்தான் வெகுநேரமாகத் துடைத்தாள்.

போன் அடித்தது.

"மாமா, பாலத்து மேல நிக்கிறேன்."

"நின்னுடுச்சா?" தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

"ஏன் மாமா கத்துறீங்க? நான்தான் நிறுத்தினேன். இவ்வளவு நாளா மூச்சு வாங்கவே நேரம் சரியாப் போச்சு, இங்க காத்து எவ்வளவு நல்லா இருக்குன்னே தெரியல. ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போறேன்."