பீரோவுக்குள் செத்துப்போன பாஸ்போர்ட்

சிதம்பரம் மேல வீதியில் மாடி ஏறினால் கொளஞ்சியப்பனின் ஆபீஸ். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நர்சுகளை அனுப்புகிற இடம். கூடவே ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலத் தேர்வுக்கு வகுப்பும் நடத்தினார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரன் அந்த மார்க்கைப் பார்க்காமல் ஆளை எடுக்க மாட்டான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பில் சேரும் அன்றே ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். "உங்க கையில இருந்தா தொலைச்சுடுவீங்க சிஸ்டர்" என்பார். வேறு ஏஜென்சிக்கு யாரும் தாவிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கொடுத்தார்கள். தேர்வன்று வேன் வைத்து எல்லாரையும் சென்னைக்குக் கூட்டிப்போய், தேர்வு நடக்கும் ஓட்டல் வாசலில்தான் அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் கையில் கொடுப்பார்.

பிரிசில்லாவும் கொடுத்தவள்தான். கடலூர் ஓல்டு டவுன்காரி. சவூதியில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, இப்போது கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு பகல் மாறி மாறி நிற்கிறவள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்காரர்கள் நவம்பரில் சென்னைக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்தது. கையில் மார்க் சீட்டோடு வந்தால் அன்றைக்கே வேலை. அதற்காகத்தான் ஒரு வருடம் படித்தாள்.

அந்த அக்டோபர் திங்கட்கிழமை, தேர்வுக்கு முந்தின கடைசி வகுப்பு. முடிந்ததும் அவள் நேராகக் கொளஞ்சியப்பன் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, என் பாஸ்போர்ட்டக் குடுங்க. ஆஸ்பத்திரில லீவு சொல்றதுக்கு ஜெராக்ஸ் கேக்குறாங்க."

"சனிக்கிழம வேன்ல தரேனே."

"ஜெராக்ஸ்தான் அண்ணே. தின்னுட மாட்டேன்."

வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. அவர் முனகிக்கொண்டே பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பிரிசில்லா விரித்தாள். தன் பழைய முகத்தைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

முடிகிற தேதி, போன மாதம், செப்டம்பர்.

பிப்ரவரி வரைக்கும் இருக்கிறது என்றுதான் அவள் மனசில் கணக்கு. சவூதிக்கு விமானம் ஏறியது ஒரு பிப்ரவரி. அதிலிருந்து பத்து வருடம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டுக்கு நாம் விமானம் ஏறிய நாளா கணக்கு? அது அச்சான நாளிலிருந்து அதற்கு வயது ஓடுகிறது.

"அண்ணே, இது முடிஞ்சு போச்சு."

கொளஞ்சியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு விரிந்தது.

"பரீட்சைக்குப் பதிஞ்சப்ப உயிரோடதானே இருந்துச்சு? ஒண்ணும் ஆவாது. ஓட்டர் ஐடி இருக்குல்ல? டிரைவிங் லைசென்ஸு? ரெண்டையும் எடுத்துக்குங்க. பழசையும் காட்டுங்க. நம்ம ஊருதானே, பேசிக்கலாம்."

"பேசிக்கலாமா?"

"கோவப்படாதீங்க சிஸ்டர்."

பிரிசில்லா கைப்பையைத் திறந்தாள். தேர்வு மையத்தின் நம்பரைப் போட்டு, செல்போனை ஸ்பீக்கரில் வைத்து மேசை நடுவில் தள்ளினாள். எடுத்தது ஒரு பெண்.

"மேடம், சனிக்கிழம எனக்குப் பரீட்ச. பாஸ்போர்ட்டு போன மாசம் முடிஞ்சுருச்சு. ஓட்டர் ஐடி கொண்டாந்தா விடுவீங்களா?"

"இல்ல மேடம். இந்தியால எழுதுறவங்களுக்குப் பாஸ்போர்ட் மட்டும்தான். ஒரிஜினல் வேணும், ஜெராக்ஸ் செல்லாது. பதிஞ்ச அன்னைக்கு இருந்தா போதாது, எழுதுற அன்னைக்கும் செல்லணும். இல்லன்னா உள்ள விட மாட்டோம். கட்டின பணமும் திரும்பாது."

"புதுசு வாங்கிட்டா?"

"வரலாம். ஆனா புது பாஸ்போர்ட்ல நம்பர் வேற இருக்கும். முன்கூட்டியே எங்களுக்குக் காப்பி அனுப்பி, பதிவுல மாத்தணும்."

"தேதியத் தள்ளி வைக்க முடியுமா?"

"அஞ்சு வாரத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும் மேடம். இப்ப கடுமையா உடம்பு முடியாமப் போயி, டாக்டர் சர்டிபிகேட் இருந்தாத்தான் பரிசீலிப்போம்."

நன்றி சொல்லி வைத்தாள். தட்கலில் போட்டால்கூட ஒரு வாரம் ஆகும். சனிக்கிழமைக்குள் நடக்கிற காரியமில்லை.

கொளஞ்சியப்பனுக்கோ அந்தப் பெண் சொன்னதில் கடைசி வரி மட்டும் இனித்திருக்கிறது.

"பாத்தீங்களா, வழி இருக்கு. எனக்குத் தெரிஞ்ச டாக்டரு ஒருத்தர் இருக்காரு. டைபாய்டுன்னு எழுதித் தருவாரு."

"அண்ணே," என்றாள் பிரிசில்லா, மெதுவாக. "ஆகஸ்டுல எனக்குத் தேதி போட்டிருந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

அவர் பேனா மூடியைத் திருகினார்.

"அப்ப இது உயிரோட இருந்துச்சு. வேன் ரொம்பல, எட்டுப் பேர்தான் சேந்தாங்கன்னு என்னை அக்டோபருக்கு மாத்துனீங்க. அஞ்சு வாரத்துக்கு முன்னாடியே கேட்டு, ஒழுங்கா மாத்துனீங்க. மாத்துறப்ப இதத் தொறந்து ஒரு வாட்டி பாத்தீங்களா?"

"உங்க பாஸ்போர்ட்டு. நீங்கதான பாத்துக்கணும்?"

"உங்க பீரோவுல இருக்குறத நான் எங்கேர்ந்து பாக்குறது? சாவி உங்க இடுப்புல. பொறுப்பு மட்டும் என் தலையிலயா?"

"வேனுக்கு ஆளு சேரலன்னா நான் என்ன பண்றது? எனக்கும் பொழப்பு இருக்குல்ல?"

"இருக்கட்டும். நாங்க பஸ்ஸுல போயிருப்போமே. கேட்டீங்களா? இப்ப எனக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரில ஜுரத்தோட வர்றவங்களுக்கு ரத்தம் எடுத்து, சீட்டுல உண்மைய எழுதிட்டு இருக்கேன் நான். இல்லாத ஜுரத்த என் பேருல எழுதிக்கச் சொல்றீங்க."

தன் மேலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒரு வருடத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம். அந்த எரிச்சல்தான் கோபத்தை இன்னும் சுடவைத்தது. புதுசு வந்து, மறுபடி பதிந்து எழுதி, மார்க் வருவதற்குள் நவம்பர் போய்விடும். அயர்லாந்துக்காரர்கள் அடுத்து எப்போது வருவார்களோ, யாருக்குத் தெரியும்.

அவள் பெஞ்சுகள் பக்கம் திரும்பினாள்.

"வெண்மதி, உன்னுது எப்ப முடியுது?"

திட்டக்குடியிலிருந்து வருகிற வெண்மதி திருதிருவென்று விழித்தாள். "தெரியலக்கா. உள்ள இருக்கு."

"எல்லாருதையும் எடுங்க அண்ணே."

"இங்க பாருங்க, எடுத்துட்டுப் போறவங்களுக்கு வேன்ல எடம் கெடயாது."

"பஸ் ஸ்டாண்டு இந்த ஊருலதான் இருக்கு. எடுங்க."

இரண்டு பெண்கள் எழுந்து மேசையண்டை வந்து நின்றார்கள். பிறகு இன்னும் மூன்று பேர். வேறு வழியில்லாமல் அவர் பாஸ்போர்ட்டுக் கட்டை எடுத்து மேசையில் போட்டார். வெண்மதியினுடையது ஜனவரி வரைக்கும் இருந்தது.

"அப்ப எனக்குப் பிரச்சன இல்லயேக்கா."

"பரீட்சைக்கு இல்ல. விசாக் குத்துறப்ப ஆறு மாசமாவது பாக்கி இருக்கான்னு கேப்பாங்கடி. பரீட்ச முடிஞ்ச கையோட புதுசுக்குப் போடு. பழசையும் பத்திரமா வை."

வெண்மதி வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். ஒருத்தி மட்டும், கம்மாபுரத்துக்காரி, வேன் போய்விடுமோ என்று பயந்து தன்னுடையதைத் திரும்ப மேசை மேலேயே வைத்துவிட்டாள். பிரிசில்லா அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் அழுதிருப்பாள்.

"சிஸ்டர், அடுத்த தேதிக்கு நானே பதிஞ்சு தரேன்," என்றார் கொளஞ்சியப்பன், படியிறங்குகிறவள் முதுகைப் பார்த்து.

"நானே பதிஞ்சுக்குவேன்."

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. புருசன் ஆன்டோவைக் கூப்பிட்டாள். விசயத்தைக் கேட்டதும் அவன், "நான் நாளைக்கு வந்து அந்தாள் சட்டயப் புடிக்கட்டுமா?" என்றான்.

"சட்டயப் புடிச்சா தேதி நீளுமா? ரேசன் கார்டையும் என் சர்டிபிகேட்டையும் எடுத்து வை. நாளைக்கே போடணும்."

ஓல்டு டவுனில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். சூசைமாணிக்கம் அவளுடைய ஞானஸ்நானத்துக்கே படம் எடுத்தவர். வெள்ளைத் துணி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். கேமராவில் பார்த்தார். தலையை வெளியே எடுத்தார்.

"என்னம்மா இது, யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்க. கண்ணக் கொஞ்சம் சாந்தமா வையேன்."

"வராது மாமா."

"பத்து வருசத்துக்கு இந்த மூஞ்சிதாம்மா நிக்கும்."

"நிக்கட்டும்," என்றாள் பிரிசில்லா. "இப்படியே எடுங்க."